ரெஜிஸ்டர் நம்பர் உண்மையாக இருக்கலாம், ஆள்?

கேள்வி: முகநூலில் ஒரு தோல் கிளினிக் விளம்பரம் பார்த்தேன். ஆன்லைன் கன்சல்டேஷன் 199 ரூபாய் என்று போட்டிருக்கிறார்கள். டாக்டர் பெயர், ரெஜிஸ்டர் நம்பர் எல்லாம் இருக்கிறது. அந்த நம்பர் உண்மையா என்று எங்கே பார்ப்பது? நம்பர் சரியாக இருந்தால் நம்பிப் பணம் கட்டலாமா?

நான் மருந்தாளுநர். 14 வருஷமாகச் சொந்தமாக மருந்துக் கடை வைத்திருக்கிறேன். போனில் மருந்துச் சீட்டைக் காட்டி மருந்து கேட்பவர்கள் இப்போது தினமும் வருகிறார்கள். அதனால் இந்த நம்பரைத் தேடிப் பார்ப்பது எனக்கு வேலையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. போன வருஷம் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் இரண்டு கேள்விக்கும் அதிலேயே பதில் இருக்கிறது.

எங்கள் தெரு அக்கா ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். பெண்ணுக்கு முகம் முழுக்கப் பரு, தை மாதம் கல்யாணம். "தம்பி, ஆன்லைன்லயே டாக்டரைப் பார்த்துட்டோம், பார்சல் வர லேட்டாகுமாம், நீங்க இந்த மாத்திரையை மட்டும் கொடுங்க" என்று போனை நீட்டினார். சீட்டில் இருந்தது ஐசோட்ரெடினாயின், கூடவே ஒரு ஸ்டீராய்டு கிரீம். ஐசோட்ரெடினாயின் சாப்பிடும்போது கரு உண்டானால் குழந்தைக்குப் பெரிய குறைபாடுகள் வரலாம். கல்யாணம் நிச்சயமான பெண்ணுக்கு அதை எழுதுகிறவர் அதைப் பற்றிக் கேட்காமல் எழுத மாட்டார். "டாக்டர் உன்கிட்ட என்னம்மா கேட்டார்?" என்றேன். வயசு, எத்தனை நாளாகப் பரு, அவ்வளவுதான் என்றாள். நான்கு நிமிஷத்தில் முடிந்துவிட்டதாம்.

சரி என்று சீட்டின் தலைப்பைப் பார்த்தேன். பெயர், எம்.பி.பி.எஸ்., எம்.டி., அப்புறம் ரெஜிஸ்டர் நம்பர் என்று ஐந்து இலக்கம். எந்த கவுன்சில் என்று எழுதவில்லை. முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். நம் நாட்டில் ஒவ்வொரு மாநில மருத்துவ கவுன்சிலும் தனித்தனியாக வரிசை எண் கொடுக்கிறது. 45 ஆயிரத்துச் சொச்சத்தில் ஒரு நம்பர் தமிழ்நாட்டில் ஒருவருக்கு இருக்கும், கர்நாடகாவில் வேறொருவருக்கு, மகாராஷ்டிராவில் இன்னொருவருக்கு. கவுன்சில் பெயர் இல்லாத நம்பர், ஊர் பெயர் இல்லாத கதவு எண் மாதிரி. உங்கள் விளம்பரத்திலும் அது இல்லையென்றால் பணம் கட்டும் முன்னால் "எந்த மாநில கவுன்சில்?" என்று எழுத்தில் கேளுங்கள். உண்மையான டாக்டருக்கு அது ஒரு வரிப் பதில்.

தேடுவதற்கு இரண்டு இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பதிந்தவர் என்றால் தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலின் tnmedicalcouncil.org தளத்தில் பார்க்கலாம். இந்தியா முழுக்கத் தேட, தேசிய மருத்துவ ஆணையத்தின் nmc.org.in தளத்தில் Information Desk என்பதற்குள் Indian Medical Register இருக்கிறது. பெயர், நம்பர், மாநில கவுன்சில் என்று எதை வைத்தும் தேடலாம். கட்டணம் கிடையாது.

நான் முதலில் தமிழ்நாட்டுப் பதிவேட்டில் அந்த நம்பரைப் போட்டேன். வந்தது வேறொருவர் பெயர். உடனே போலி என்று முடிவு கட்டிவிடக் கூடாது, வெளிமாநிலத்தில் பதிந்தவராக இருக்கலாம். தேசியப் பதிவேட்டில் அதே நம்பரைப் போட்டதும் மாநிலத்துக்கு ஒருவராக ஒரு பட்டியலே வந்தது. அதில் ஒரு வடமாநில வரிசையில் சீட்டில் இருந்த அதே பெயர் இருந்தது. அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாருங்க தம்பி, நிஜமான டாக்டர்தான்!"

பெரும்பாலானவர்கள் நிறுத்துவது இங்கேதான். ஆனால் பெயரும் நம்பரும் பொருந்தினால் அப்படி ஒரு டாக்டர் இருக்கிறார் என்று மட்டும்தான் அர்த்தம். உங்களிடம் பேசியவர் அவர்தானா என்பது தனிக் கேள்வி. பதிவேடு எல்லோருக்கும் திறந்திருப்பதால், ஏமாற்ற நினைப்பவனும் அதே பக்கத்தில் போய் ஒரு பெயரை எடுத்துக்கொள்ளலாம்.

அதனால் அந்தப் பெயரைத் திறந்து விவரத்தைப் படிக்க வேண்டும். தகப்பனார் பெயர், பதிந்த தேதி, படிப்பு, தேர்ச்சி பெற்ற வருஷம், பல்கலைக்கழகம் எல்லாம் அங்கே வரும். நான் திறந்து பார்த்தேன். எம்.பி.பி.எஸ். முடித்தது 1981. எம்.டி. பதிவே இல்லை. "வீடியோவில் பேசினவருக்கு என்ன வயசும்மா இருக்கும்?" என்று கேட்டேன். "எங்க அண்ணன் வயசு இருக்கும், முப்பது முப்பத்திரண்டு" என்றாள். 1981இல் டாக்டர் ஆனவருக்கு இன்று 65க்கு மேல் இருக்கும். அக்கா அதன் பிறகு பேசவே இல்லை.

தேர்ச்சி வருஷத்தையும் முகத்தையும் பொருத்திப் பாருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். நம்பரே கொஞ்சம் சொல்லிவிடும். தமிழ்நாட்டில் எண்கள் லட்சத்தைத் தாண்டிப் போய் வெகுநாளாகிறது, ஆகவே இளம் வயது டாக்டருக்குச் சின்ன நம்பர் இருந்தால் நின்று யோசிக்க வேண்டும். எம்.டி., டி.டி. மாதிரி மேல்படிப்பையும் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிந்துகொள்ள வேண்டும். தோல் நிபுணர் என்று போட்டுக்கொண்டு பதிவேட்டில் வெறும் எம்.பி.பி.எஸ். மட்டும் இருந்தால், எந்தக் கல்லூரி, எந்த வருஷம் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நல்ல டாக்டர்களைச் சந்தேகப்படுவோம். தேசியப் பதிவேடு அவ்வளவு ஒழுங்காகப் புதுப்பிக்கப்படுவதில்லை. புதிதாகப் பதிந்தவர் அதில் இல்லாமல் மாநிலப் பதிவேட்டில் மட்டும் இருப்பார். இறந்துபோனவர் பெயர் இன்னும் இருக்கும். 2024 ஆகஸ்டில் ஆதாரோடு இணைத்து ஒரு புதிய தேசியப் பதிவேடு தொடங்கினார்கள், எல்லா டாக்டர்களும் அதற்குள் வந்துவிடவில்லை. ஆக, அதில் பெயர் இல்லை என்பதே குற்றம் ஆகாது. எழுத்துக்கூட்டலும் படுத்தும். செந்தில்குமாரை Senthilkumar, Senthil Kumar, Sendhil என்று மூன்று விதமாகவும் தேட வேண்டும். இங்கே நமக்கு ஒரு வசதி உண்டு. நம் ஊர் டாக்டரின் இனிஷியல் பெரும்பாலும் தகப்பனார் பெயரின் முதல் எழுத்து. பதிவேட்டில் தகப்பனார் பெயர் வருவதால், ஒரே பெயரில் நாற்பது பேர் வந்தாலும் இனிஷியலை வைத்துச் சலித்துவிடலாம். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைச் சேர்த்துக்கொண்ட பெண் டாக்டர்களுக்கு மட்டும் இது உதவாது.

சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி படித்தவர்களை மேலே சொன்ன பதிவேடுகளில் தேடாதீர்கள், அவர்களுக்குத் தனி கவுன்சில்கள் உண்டு. பி.எஸ்.எம்.எஸ். படித்தவர் பெயர் tnmedicalcouncil.org இல் வராததால் அவர் போலி என்று ஆகாது. ஆர்.எம்.பி. என்ற மூன்றெழுத்திலும் ஏமாற வேண்டாம். சட்டத்தில் அது பதிவு பெற்ற மருத்துவரைக் குறிக்கும், பட்டம் கிடையாது. கிராமங்களில் பதிவே இல்லாமல் ஊசி போடுகிறவர்களும் அதைப் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிறார்கள்.

கிளினிக்கைப் பற்றியும் சொல்கிறேன். அக்கா பார்த்த விளம்பரத்தில் 'அரசுப் பதிவு பெற்றது' என்று ஒரு நம்பர் கொட்டை எழுத்தில் இருந்தது. பார்த்தால் உத்யம் நம்பர். அது சிறுதொழில் பதிவு, யார் வேண்டுமானாலும் தன் விவரத்தைத் தானே சொல்லி இணையத்தில் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கும் மருத்துவத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஜிஎஸ்டி நம்பருக்கும் ஐஎஸ்ஓ சான்றிதழுக்கும்கூட டாக்டரின் தகுதியோடு சம்பந்தம் இல்லை. தமிழ்நாட்டில் கிளினிக் நடத்த, மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் 1997ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு வேண்டும், அந்தச் சான்றிதழைக் கிளினிக்கில் மாட்டி வைத்திருக்க வேண்டும். அதன் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். பெயரும் முகவரியும் விளம்பரத்தில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். சந்தேகம் இருந்தால் மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் கேட்கலாம். ஆனால் அந்தச் சான்றிதழ் இடத்துக்குத்தான், பேசும் டாக்டருக்கு அல்ல. இரண்டையும் தனித்தனியாகவே பார்க்க வேண்டும்.

2020 மார்ச் 25இல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் உங்கள் பக்கம் இருக்கிறது. டாக்டர் தன் பதிவு எண்ணை மருந்துச் சீட்டு, இணையதளம், வாட்ஸ்அப் மாதிரியான தகவல் தொடர்பு, கட்டண ரசீது எல்லாவற்றிலும் காட்ட வேண்டும். டாக்டர்களைப் பட்டியலிடும் செயலிகளும் தளங்களும் ஒவ்வொருவரின் பெயர், தகுதி, பதிவு எண்ணைச் சரிபார்த்த பிறகே போட வேண்டும். விளம்பரம் போட்டோ சலுகை காட்டியோ ஆன்லைன் நோயாளிகளை இழுக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. உங்கள் 199 ரூபாய் விளம்பரத்தை அதோடு வைத்துப் பாருங்கள்.

எல்லாம் பொருந்தியும் மனசு ஒப்பவில்லை என்றால் நான் செய்வது இதுதான். அந்த டாக்டர் வேலை செய்யும் மருத்துவமனையை நானே தேடி, அங்கே பொது நம்பருக்கு அழைத்து, "இவர் ஆன்லைனில் பார்க்கிறாரா, எந்த நம்பரில்?" என்று கேட்பேன். விளம்பரத்தில் இருக்கும் நம்பருக்கு அழைத்தால் விளம்பரம் போட்டவர்தான் எடுப்பார்.

அக்கா சீட்டில் இருந்த கிளினிக் நம்பருக்கு நானும் அழைத்தேன். எந்த கவுன்சில் என்று கேட்டதற்கு "எம்சிஐ நம்பர் சார்" என்றார்கள். எம்சிஐ என்பது பழைய இந்திய மருத்துவ கவுன்சில். அது முன்பு சிலரை நேரடியாகவும் பதிந்திருக்கிறது, பதிவேட்டில் அவர்கள் அந்தப் பெயரிலேயே வருவார்கள். இவர் வடமாநில கவுன்சிலில் வருகிறாரே என்றதும் போனை வைத்துவிட்டார்கள். அக்கா கட்டிய கன்சல்டேஷன் கட்டணமும் பார்சலுக்கு முன்பணமாகக் கட்டிய 1,500 ரூபாயும் திரும்பி வரவில்லை. அன்றே சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்தோம். சீட்டின் நகலையும் விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் வைத்து மாவட்ட இணை இயக்குநருக்கு ஒரு கடிதமும் எழுதினோம். பதிவு இல்லாமல் வைத்தியம் பார்ப்பதற்குத் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தில் ஒரு வருஷம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம் உண்டு. உங்களுக்கு இப்படி நேர்ந்தால் விளம்பரம் மறைவதற்குள் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.

மாத்திரையை நான் கொடுக்கவில்லை. மறுநாள் காலையில் இருவரும் அரசு மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் போனார்கள். டாக்டரம்மா பெண்ணின் முகத்தைப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது, "கல்யாணம் எப்போ?"