பச்சை, வெள்ளை வயர்களை விட்டதுதான் காரணம்

"பாம்பன்ல இருக்கேன். அறுந்த சார்ஜர் கேபிளில் சிவப்பையும் கறுப்பையும் முறுக்கி டேப் சுத்திட்டேன். பச்சை, வெள்ளை டேட்டாவுக்குத்தானேன்னு விட்டுட்டேன். சார்ஜ் ஏறுது, ஆனா ரொம்ப மெதுவா."

பச்சையைப் பச்சையோடும் வெள்ளையை வெள்ளையோடும் சேருங்கள், வேகம் திரும்பிவிடும். பல சார்ஜர்களுக்குள் அந்த இரண்டு முனைகளும் ஒன்றாக இணைந்திருக்கும். அதைப் பார்த்துத்தான் போன் 'இது சுவர் சார்ஜர்' என்று தெரிந்துகொள்கிறது. தெரியாவிட்டால் பெரும்பாலும் 0.5 ஆம்பியரோடு நின்றுவிடும்.

சேர்க்கும் முன் செம்புக் கம்பியைப் பாருங்கள். உங்கள் பக்கத்து உப்புக் காற்றில் அது கறுத்தோ பச்சை பூத்தோ இருக்கும், ஈயம் அதில் ஒட்டாது. பளபளப்பான செம்பு தெரியும்வரை இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டே போங்கள். வெறும் முறுக்கு இந்தக் காற்றில் சீக்கிரம் கெட்டுவிடும், அதனால் சால்டரிங் கட்டாயம். சூடாக்கினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாயை முதலிலேயே வயரில் கோத்துவிடுங்கள். நான்கு இணைப்புகளையும் ஒரே இடத்தில் வைக்காமல் ஒன்றுக்கொன்று 1 செ.மீ. தள்ளி வையுங்கள்.

சார்ஜரில் செருகும் முன் மல்டிமீட்டரை பீப் ஒலியில் வைத்து, அதன் ஒரு முனையால் கேபிளின் சிவப்பு வயரையும் மறுமுனையால் கறுப்பு வயரையும் தொடுங்கள். சத்தம் வந்தால் ஷார்ட், செருகவே கூடாது.

மலிவான கேபிள்களில் நிறம் மாறியிருக்கலாம். பெரிய தட்டை பிளக்கின் ஓரத்து இரண்டு தகடுகள்தான் மின்சாரத்துக்கு, நடுவிலுள்ள இரண்டும் டேட்டாவுக்கு. நிறத்தை நம்பாமல் மீட்டரின் ஒரு முனையால் தகட்டையும் மறுமுனையால் வயரையும் தொட்டு, எது எதோடு சேர்ந்தது என்று உறுதிசெய்யுங்கள். பச்சையும் வெள்ளையும் இடம் மாறினால் இந்தச் சார்ஜரில் தெரியாது, கம்ப்யூட்டரில் செருகினால்தான் போன் தெரியாமல் போகும்.