ஒன்பது கட்டத்தில் எல்லோரும் நட்சத்திரங்களா?

"நாங்கள் 200 பேர். ஒன்பது கட்ட மதிப்பீட்டில் நன்றாக வேலை செய்பவர்கள் எல்லோருமே மேல் வலது மூலைக்குப் போய்விடுகிறார்கள். எங்கே தப்பு?"

இந்த மூன்றுக்கு மூன்று கட்டத்தில் ஓர் அச்சு செயல்பாடு, இன்னொன்று வளர்திறன்; இரண்டிலும் உயர்ந்தவருக்குத்தான் மேல் வலது மூலை. உங்கள் மேலாளர்கள் செயல்பாட்டைப் பார்த்தே வளர்திறனுக்கும் மதிப்பெண் போடுகிறார்கள். ஒன்று இந்த வருடம் செய்து முடித்தது, மற்றது இதுவரை செய்யாத பெரிய வேலையைக் கொடுத்தால் பிடித்துக்கொள்வாரா என்பது.

நான் பார்த்த ஒரு கணக்குப் பிரிவில் மூத்தவர் மாதக் கணக்கைப் பிழையில்லாமல் முடிப்பார், ஆனால் புது மென்பொருள் வந்தபோது யாராவது சொல்லித்தரட்டும் என்று காத்திருந்தார். பக்கத்து இருக்கைக்காரர் செயல்பாட்டில் நடுத்தரம்தான், அவரோ தானே கற்று இன்னும் இரண்டு பேருக்கும் சொல்லிக்கொடுத்தார். மேலாளர் உச்சக் கட்டத்தில் வைத்தது மூத்தவரை! அவருக்குச் சரியான இடம் உயர் செயல்பாடு, நடுத்தர வளர்திறன்.

ஒரு மேலாளரின் 12 பேரில் 10 பேர் கீழ் இடதிலிருந்து மேல் வலதுக்குப் போகும் மூன்று கட்டங்களிலேயே இருந்தால், பெரும்பாலும் இரண்டாவது அச்சு முதலாவதின் நகல்தான். வளர்திறனை வேறொரு நாளில், கண்ணால் பார்த்த ஒரு சம்பவத்தை எழுதச் சொல்லி மதிப்பிடுங்கள். எழுத முடியவில்லையா, சரி, கட்டம் காலியாகவே இருக்கட்டும். அப்புறம், உங்கள் அளவு நிறுவனத்தில் பலரையும் நேரில் அறிந்தவர் அவரவர் மேலாளர் ஒருவர்தான் என்பதால், ஒப்பிட்டுச் சரிபார்க்கும் கூட்டத்தில் அவர் சொல்வதே நின்றுவிடும். மதிப்பிடப்படும் ஊழியரோடு வேலை செய்த வேறு பிரிவுக்காரர் ஒருவரையும் உட்கார வையுங்கள்.