பயோடேட்டாவில் காது கேளாமையை எழுத வேண்டுமா?

தண்டையார்பேட்டை வாசகி: மேடம், எனக்கு இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு, கருவி அணிகிறேன். மண்ணடியில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் நான்கு ஆண்டுகள் டாக்குமென்டேஷன் வேலை பார்த்தேன். இதை பயோடேட்டாவில் எழுதினால் அழைப்பே வருவதில்லை. எழுதாவிட்டால் போனில் பேசிய பிறகு மறுத்துவிடுகிறார்கள்.

பதில்: உங்களுக்குத் தடையாக இருப்பது அந்த முதல் தொலைபேசி அழைப்புதான். ஆள்சேர்ப்பில் இருப்பவர் ஒரே காலையில் முப்பது பேரை அழைப்பார், நீங்கள் இரண்டு முறை "என்ன சொன்னீர்கள்?" என்று கேட்டாலே, இவருக்கு வேலை தெரியவில்லை என்று முடிவுகட்டிவிடுவார். நானும் அந்த நாற்காலியில் இருந்தபோது அப்படி முடிவுகட்டியிருக்கிறேன்.

பிரவுசிங் சென்டரில் கொடுக்கும் பழைய படிவத்தில் தந்தை பெயர், மதம், திருமணநிலை ஆகியவற்றுக்குக் கீழே உடல் குறைபாடு உண்டா என்று ஒரு வரி இருக்கும். அந்தப் பகுதி முழுவதையும் நீக்கிவிடுங்கள். கைபேசி எண்ணுக்குப் பக்கத்தில் "குறுஞ்செய்தி அல்லது மின்னஞ்சலில் தொடர்புகொள்ளவும்" என்று மட்டும் எழுதுங்கள். பில் ஆஃப் என்ட்ரி என்ற இறக்குமதி ஆவணத்தைத் தயாரித்து சுங்கத்துறையின் ICEGATE தளத்தில் ஏற்றியதையும், அவர்கள் எழுப்பிய கேள்விகளுக்கு இறக்குமதியாளரிடம் மின்னஞ்சலிலேயே விளக்கம் வாங்கிப் பதில் அனுப்பியதையும் அனுபவப் பகுதியில் விரிவாகச் சொல்லுங்கள். படிப்பவர் மனதில் எழக்கூடிய ஐயத்துக்கு அந்த வரிகளே பதிலாகிவிடும்.

நேர்காணலுக்கு அழைத்த பின், "நான் காது கேட்கும் கருவி அணிகிறேன், நேரில் பேசினாலோ, பேசுவது எழுத்தாகத் தெரியும் காணொளியில் பேசினாலோ எனக்குச் சிரமமில்லை" என்று பதில் அனுப்புங்கள். மாற்றுத்திறனாளி சான்றிதழில் உள்ள சதவீதத்தைக் குறிப்பிட வேண்டாம். அது எதை அளந்து வந்த எண் என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. 60 என்று பார்த்தால், வேலையில் 60 சதவீதம் இவரால் முடியாது என்றே எடுத்துக்கொள்வார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கென்றே அறிவிக்கப்பட்ட இடமாக இருந்தால் மட்டும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் நகலை இணைக்க வேண்டும். அங்கே அதுதான் உங்கள் தகுதி.

வியாசர்பாடி வாசகர்: தனியார் நிறுவனங்களிலும் 4 சதவீத ஒதுக்கீடு தர வேண்டும் என்று 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே சொல்லும்போது, ஏன் மறைக்கச் சொல்கிறீர்கள்?

பதில்: அந்த 4 சதவீதம் அரசு நிறுவனங்களுக்கு உரியது, அதுவும் குறைந்தது 40 சதவீதக் குறைபாடு என்று சான்று பெற்றவர்களுக்கு. ஆனால் தனியாரைச் சட்டம் விட்டுவிட்டதாகவும் நினைக்க வேண்டாம். சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை ஒவ்வொரு நிறுவனமும் வெளியிட வேண்டும் என்கிறது 21ஆம் பிரிவு. இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், என்னென்ன வசதிகள் உண்டு, தொடர்பு அலுவலர் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும். விண்ணப்பிக்கும் முன் நிறுவனத்தின் இணையதளத்தில் அதைத் தேடிப் பாருங்கள். அலுவலர் பெயர் இருந்தால் வெளிப்படையாகவே அவருக்கு எழுதலாம். நான் எழுதாமல் விடச் சொன்னது பயோடேட்டாவில் மட்டுமே. நேராகக் கேட்டால் பொய் சொல்லுங்கள் என்று நான் சொல்லவில்லை.

மணலி வாசகர்: ஐடிஐ ஃபிட்டர் முடித்திருக்கிறேன். வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். இரண்டு வருடமாக வரவில்லை. ஆலை வேலைக்கு எழுத வேண்டுமா?

பதில்: பயோடேட்டாவில் வேண்டாம் தம்பி. ஆனால் சேரும் முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனைப் படிவத்தில் "இல்லை" என்று எழுதிவிடாதீர்கள். பின்னால் தெரியவந்தால் அந்தப் பொய்யையே காரணமாக்கி நீக்கலாம். அதைவிட, சாரத்தின் மேல் நிற்கும்போது வலிப்பு வந்தால் உயிருக்கே ஆபத்து. கடைசியாக எப்போது வந்தது, உயரத்திலும் ஓடும் இயந்திரத்தின் அருகிலும் வேலை செய்யலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கடிதம் வாங்கி, தேர்வான பிறகு கொடுங்கள். இரண்டு ஆண்டுகள் போதுமா என்பதில் ஆலை மருத்துவரும் உங்கள் மருத்துவரும் வேறுபடக்கூடும். அதை நான் தீர்த்துச் சொல்ல முடியாது. பணிமனை மேசை வேலை இருக்கிறதா என்று அப்போதே கேட்டுவைப்பது நல்லது.

திருவொற்றியூர் வாசகர்: என் மகனுக்கு அடையாள அட்டை வாங்க ஸ்டான்லியில் யாரைப் பார்க்க வேண்டும் அம்மா?

பதில்: முதலில் swavlambancard.gov.in தளத்தில் விண்ணப்பித்து, ஒப்புகைச் சீட்டுடன் மருத்துவமனைக்குச் செல்லுங்கள் ஐயா. மற்றபடி இங்கே பேசுவது வேலை விண்ணப்பம் பற்றி மட்டும்.

ராயபுரம் வாசகர்: போலியோவால் எனக்கு ஒரு கால் சரியில்லை. முதல் வரியிலேயே எழுதினேன், வேலையும் கிடைத்தது. உங்கள் ஆலோசனை எனக்குப் பொருந்தவில்லையே?

பதில்: உங்களுக்குப் பொருந்தாதுதான். கதவைத் திறந்ததும் தெரியக்கூடியதை முன்பே சொன்னால், எதிரில் இருப்பவரின் திகைப்பு குறைந்து பேச்சு வேலைக்குப் போய்விடுகிறது. ஆனாலும் முதல் வரியில் உங்கள் தொழிலை வைத்து, காலைப் பற்றிக் கூடவே அனுப்பும் கடிதத்தில் எழுதியிருப்பேன். வேறு நிறுவனத்துக்கு மாற நினைத்தால், அலுவலகம் எந்த மாடியில் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறதா என்று அந்தக் கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள். மண்ணடியின் பழைய கட்டடங்கள் பலவற்றில் செங்குத்தான படி மட்டும்தான் உண்டு.