14 மாதத்தில் முதல் திரும்புமா?

"யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பொரித்த கோழிக் கடை போட, கொழும்புக் கம்பனி ஒன்றின் பிரான்சைஸ் எடுத்துத் தருவதாக ஒரு தரகர் சொல்கிறார். நுழைவுக் கட்டணம் 35 இலட்சம், மாதம் 8 வீதம் ரோயல்டி, சாமான் எல்லாம் அவர்களிடம்தான் வாங்க வேண்டும். மொத்தம் 140 இலட்சம் போட்டால் 14 மாதத்தில் முதல் திரும்புமாம். சுவிஸில் இருக்கும் அண்ணா காசு தரத் தயார். போடலாமா?"

இந்தக் கணக்கை நம்பிப் போடாதீர்கள். நாளுக்கு 1 இலட்சம் விற்பனை, மாதம் 30 இலட்சம், அதில் மூன்றில் ஒன்று இலாபம் என்று வைத்தால்தான் 14 மாதம் வரும். அந்த மூன்றில் ஒன்று எங்கிருந்து வந்தது என்று தரகரிடம் கேளுங்கள்.

அந்த 30 இலட்சத்தையே எடுப்போம். கோழி, மா, எண்ணெய், பெட்டி எல்லாம் சேர்ந்து விற்பனையில் 45 வீதம் என்றால் 13.5 இலட்சம். ரோயல்டி 2.4. எட்டுப் பேரின் சம்பளமும் சேமலாப நிதியும் 5. வாடகை 2. மின்சாரமும் காஸும் 2.2. டெலிவரி கொமிஷன், திருத்த வேலை, கழிவு 1.5. மிஞ்சுவது 3.4 இலட்சம், முதல் திரும்ப 41 மாதம். அதற்குள் உங்கள் சொந்த உழைப்புக்குச் சம்பளம் எடுக்கவில்லை. விற்பனை 20 இலட்சத்துக்கு இறங்கினால், ஆளைக் குறைத்தாலும் கையில் ஒன்றும் நிற்காது. ஆனால் ரோயல்டி 1.6 இலட்சம் அப்போதும் போகும், ஏனென்றால் அது இலாபத்தில் அல்ல, விற்பனையில் கணக்கிடப்படுவது.

யாழ்ப்பாணத்தில் 20 இலட்சம் நடக்கக்கூடிய எண்தான். வெள்ளிக்கிழமை பல வீடுகளில் மச்சம் இல்லை, செவ்வாயும் சிலருக்கு அப்படி. நல்லூர்த் திருவிழா 25 நாளும் கணிசமான ஆட்கள் சைவம். கொழும்புக் கிளையின் விற்பனையில் இந்த நாட்கள் தெரியாது. ஆகவே கொழும்புக்கு வெளியே உள்ள ஒரு கிளையின் 12 மாத விற்பனையைக் கேளுங்கள். தர மறுத்தால் நீங்களே அந்தக் கிளைக்குப் போய், கடை திறந்ததும் ஒரு சின்னச் சாமான், பூட்டுமுன் இன்னொன்று வாங்குங்கள். இரண்டு பில் இலக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் அன்றைய பில் எண்ணிக்கை. சாதாரண நாளில் ஒருமுறை, ஞாயிறு ஒருமுறை பார்த்தால் போதும்.

இனி நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டிய இடம்: சாமான் விதி. பல கம்பனிகளுக்கு உண்மையான வருமானம் ரோயல்டி அல்ல, உங்களுக்கு விற்கும் சாமானில் வைக்கும் இலாபம். "ரோயல்டியே வேண்டாம்" என்று வருபவரிடம் இன்னும் கவனம் வேண்டும், அந்தக் காசு விலையில்தான் ஒளிந்திருக்கும். மசாலாக் கலவையை அவர்களிடம் வாங்கச் சொல்வது நியாயம், ருசி அதில்தான் இருக்கிறது. எண்ணெய், மா, கடதாசிப் பெட்டியை அப்படிக் கட்டுப்படுத்துவது நியாயமில்லை.

கோழி மட்டும் விதிவிலக்கு. ஹலால் சான்றிதழ், துண்டின் அளவு, குளிர்ப் பதம் எல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்று அவர்கள் கேட்பது சரிதான். ஆனால் அதற்குச் சம்மதிக்குமுன் இரண்டு வரிகளை ஒப்பந்தத்தில் எழுதுவியுங்கள். ஒன்று, யாழ்ப்பாண மொத்த விலையைவிட இத்தனை வீதத்துக்கு மேல் போடக்கூடாது, போக்குவரத்துச் செலவும் அதற்குள் அடங்கும். மற்றது, ஏ9 வழியே வரும் குளிரூட்டி லொறி ஒரு நாள் பிந்தினால், அதே சான்றிதழ் உள்ள கோழியை இங்கே வாங்கலாம், அதற்கு அபராதம் இல்லை. இந்த இரண்டும் இல்லாவிட்டால் லொறி வராத நாளில் கடை வெறுமையாக நிற்கும், சம்பளமும் வாடகையும் ஓடும்.

தரகரைப் பற்றியும் சொல்லவேண்டும். பொதுவாக அவருக்குக் கூலி உங்கள் நுழைவுக் கட்டணத்திலிருந்து போகிறது; கடை ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவர் வாங்கிவிட்டார். "நாளைக்கு முற்பணம் போடாவிட்டால் இடம் வேறு ஆளுக்கு" என்றால், போகட்டும் என்று விடுங்கள். கொழும்பில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் அந்த வர்த்தகக் குறி யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். உரிமையாளர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதம் இல்லாத தரகருக்கு ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள்.

அமெரிக்காவில் ஒப்பமிடுவதற்கு 14 நாட்களுக்கு முன்பே கம்பனி தன் கட்டணங்கள், வழக்குகள், மூடிய கிளைகள் எல்லாவற்றையும் எழுத்தில் தரவேண்டும். எங்கள் நாட்டில் பிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே இல்லை. ஏமாந்தால் ஒப்பந்தத்தைத் தூக்கிக்கொண்டு நீதிமன்றத்துக்குத்தான் அலையவேண்டும். வெளிநாட்டில் உழைத்த காசு இப்படிக் கரைவதைப் பார்த்துக்கொண்டு அதிகாரிகள் இத்தனை காலம் சும்மா இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

அண்ணாவுக்குக் காட்ட ஒரு எதிர்யோசனை: நுழைவுக் கட்டணத்தில் பாதி இப்போது, மீதி கடை திறந்து ஆறு மாதம் கழித்து. முதல் வருடம் ரோயல்டி 4 வீதம். கடை வாடகை ஒப்பந்தமும் பிரான்சைஸ் ஒப்பந்தமும் ஒரே காலத்துக்கு, குறைந்தது ஐந்து வருடம். கம்பனி இதைப் பேசவே மறுத்தால், அந்த 140 இலட்சத்தை வங்கியிலேயே விடுங்கள்.