கடை கைமாறும் முன் எதை அளப்பது?

"ஜார்ஜ்டவுனில் அப்பாவுக்கு மசாலா மொத்த வியாபாரம். 18 பேர் வேலை செய்கிறார்கள். அடுத்த வருடம் என்னிடம் ஒப்படைக்கிறார். கடை குடும்பம் மாதிரி என்கிறார் அப்பா; எனக்கோ ஒழுங்கே இல்லை என்று படுகிறது. போட்டி விழுமியச் சட்டகத்தை வைத்து அளக்கலாம் என்கிறார்கள். எப்படி?"

அளக்கலாம், தம்பி. அந்தச் சட்டகத்தை வைத்து ஒரு நிறுவனத்தின் பண்பாட்டை அளக்க, அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர்கள் கேமரனும் குவினும் அமைத்த கேள்வித்தாளில் ஆறு கேள்விகள்தான். தலைமை எப்படி, ஆட்களை நடத்துவது எப்படி, எதை வெற்றி என்கிறோம் என்று போகும். ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்: குடும்பம் போன்ற இடம், புதிதாக முயலும் இடம், விற்பனையும் போட்டியும் முதன்மையான இடம், விதிப்படி நடக்கும் இடம். 100 புள்ளியை நான்குக்கும் பிரித்துப் போட வேண்டும். முதலில் இன்றைய நிலைக்கு; அப்புறம் ஐந்து வருடம் கழித்து எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு.

நூறைப் பிரிப்பது கிடங்கு ஆட்களுக்குச் சிரமம். ஆளுக்கு 20 புளியங்கொட்டை கொடுத்து நான்கு கிண்ணத்தில் போடச் சொல்லுங்கள். ஒரு கொட்டை ஐந்து புள்ளி. பெயர் வேண்டாம். அப்பா அந்த நேரம் கடையில் இல்லாமல் இருப்பது நல்லது.

கணக்குப் போடும்போது எல்லாரையும் சேர்த்துச் சராசரி எடுக்காதீர்கள், அங்கேதான் உண்மை மறைந்துவிடும். அப்பா, நீங்கள், ஊழியர்கள் என்று தனித்தனியாக வையுங்கள். பினாங்கின் பிறையில் ஓர் இரும்புச் சாமான் கடையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். 'விதிப்படி' என்ற பதிலுக்கு ஊழியர்கள் ஆறு கேள்வியிலும் போட்ட சராசரி 40, 35, 30, 45, 30, 30. கூட்டினால் 210, ஆறால் வகுத்தால் 35. மகன் போட்டது வெறும் 10. பத்துப் புள்ளிக்கு மேல் வித்தியாசம் வந்தாலே உட்கார்ந்து பேச வேண்டும், இங்கே 25.

எண்ணோடு நிறுத்தாமல், "ஏன் இத்தனை போட்டீர்கள், ஒரு சம்பவம் சொல்லுங்கள்" என்று கேட்டோம். கிடங்குக்காரர் ஒருவர் சொன்னார்: "முதலாளி சொன்னால்தான் கடன். அவர் தலையாட்டாமல் ஓர் ஆணிகூட வெளியே போகாது." மகன் தேடியது எழுதிவைத்த விதியை, ஊழியர்களுக்கு முதலாளியின் வாய்ச்சொல்லே விதி. இரண்டு பேர் சொன்னதும் சரி. ஆனால் அந்த விதி ஒரே ஒருவர் தலையில் இருந்தது, அவர் விலகினால் அதுவும் அவரோடு போய்விடும். கடையை ஏற்று நடத்துபவருக்கு இதுதான் பெரிய ஆபத்து என்பேன்.

அந்தக் கடையில் உடனே விதிப்புத்தகம் போடவில்லை. இரண்டு மாதம், பெரியவர் யாருக்குக் கடன் கொடுத்தார், எவ்வளவு, யாரை மறுத்தார், ஏன் என்று மகன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நோட்டில் எழுதினார்.

ஒன்று கவனியுங்கள். மொத்தம் நூறுதான் என்பதால் ஒன்று ஏறினால் இன்னொன்று இறங்கியே தீரும். 'குடும்பம்' 30 வாங்கினால் பாசம் குறைவு என்று அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள். பக்கத்துக் கடையின் எண்ணோடும் ஒப்பிட வேண்டாம். உங்கள் கடையின் மூன்று வரிசைகளையும் ஒரே தாளில் எழுதி, அப்பாவிடம் முதலில் தனியாகக் காட்டுங்கள், ஊழியர்களிடம் அதற்கப்புறம்.