மடியில் என்ன இருக்கிறது?

*அன்புள்ள அக்கா, நான் பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு. கல்லூரி மலரில் ஒரு சீனியர் எழுதிய புதுக்கவிதையை மேடம் போட்டோ எடுத்து குரூப்பில் போட்டு, கரு, படிமம், தொனி, அணி நான்குக்கும் வரிகளை மேற்கோள் காட்டிக் குறிப்பு எழுதச் சொன்னார்கள். போட்டோவை போனிலேயே எழுத்தாக மாற்றி வைத்துக்கொண்டு எழுதினேன். கரு: உழைக்கும் பெண்ணின் மேன்மை. படிமம்: பீடி சுற்றும் பெண். தொனி: சோகம். அணி: உருவகம். பக்கத்தில் பீடி சுற்றிக்கொண்டிருந்த அம்மா, நான் வாசித்ததைக் கேட்டு "பிள்ளையக் கீழ விட்டுட்டு இலைக்குப் போத்துதாளாக்கும்" என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். பாவம், படிப்பில்லாதவர்கள். நான் மாடிக்குப் போய்க் கவனமாகத்தான் எழுதி முடித்தேன். 10க்கு 3 மதிப்பெண். ஓரத்தில் "கவிதையை வாசித்தாயா?" என்று எழுதியிருக்கிறார்கள். எங்கே தவறு? போட்டோவும் என் பிரதியும் இணைத்திருக்கிறேன்.*
*— பெயர் வேண்டாம், முக்கூடல்*

மாடிக்குப் போனதுதான் தவறு. உன் அம்மா கீழே உட்கார்ந்து ஒரே வாக்கியத்தில் கவிதையைப் பிரித்து வைத்திருக்கிறாள். அதை "சம்பந்தமில்லாமல் ஏதோ" என்று ஒதுக்கிவிட்டு, எந்தக் கவிதைக்கும் பொருந்துகிற நாலு சொல்லை எழுதிக் கொடுத்திருக்கிறாய். அந்த 3 மதிப்பெண்ணே மேடத்தின் தாராளம். "பாவம், படிப்பில்லாதவர்கள்" என்று எழுதினாயே, அந்தப் பேனா யார் சுற்றிய பீடியில் வந்தது பிள்ளே?

சரி, வேலைக்கு வருவோம். முதலில் உன் பிரதியைப் பார்த்தேன். பதினோரு வரிக் கவிதை அதில் நாலு வரிப் பத்தியாக ஒட்டிக்கொண்டு கிடக்கிறது, இடைவெளி ஒன்றையும் காணோம். அதைவிட மோசம், "இலைக்கு" என்பது "இவைக்கு" என்று விழுந்திருக்கிறது. மங்கலான போட்டோவில் ல-வும் வ-வும் ஒன்றுபோலத்தான் தெரியும். "தரையில்" என்பது "தாையில்" என்று விழுந்திருந்தால் உன் கண்ணே பிடித்திருக்கும். "இவை" என்றும் ஒரு சொல் இருப்பதால் தப்பிவிட்டது. வாசிக்கும்போது போட்டோவைப் பார்த்து வாசித்திருக்கிறாய், அதனால்தான் அம்மா காதில் இலை என்றே விழுந்தது. எழுத உட்கார்ந்ததும் பிரதிக்கு மாறிவிட்டாய். இலை போனபின் அந்தப் பத்தியில் என்ன மிச்சம்?

போனில் எடுத்த எழுத்தை நம்பிக் குறிப்பு எழுதாதே. போட்டோவைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, கையால் வரிக்கு வரி நோட்டில் எழுது. வரி எங்கே முறிகிறதோ அங்கேயே முறி, பத்திக்கு நடுவே ஒரு வரி இடம் விடு, மூலத்தில் இல்லாத கால்புள்ளி, முற்றுப்புள்ளியை நீயாக வைக்காதே. உனக்காக நானே எழுதித் தருகிறேன்:

சுளகு மடியில் இருக்கிறது
குழந்தை தரையில்

நனைந்த இலைக்கு
ஈரத்துணி போர்த்துகிறாள்

கத்தரி ஓடுகிறது
நூல் ஓடுகிறது
ஞாயிறும் ஓடுகிறது

கழித்ததைத் திருப்பித் தருகிறார்
கடைக்காரர்
மடியில்
வாங்கிக்கொள்கிறாள்

இப்போது அம்மா சொன்னதை இதன் பக்கத்தில் வை. பிள்ளை கீழே, போர்வை இலைக்கு. முதல் பத்தியையும் இரண்டாம் பத்தியையும் அவள் ஒரே மூச்சில் சேர்த்துவிட்டாள். நீயோ படிமம் என்ற இடத்தில் "பீடி சுற்றும் பெண்" என்று எழுதினாய். அது கவிதை எதைப் பற்றியது என்பதற்கான பதில். படிமம் என்றால் கண்ணில் விழுகிற காட்சி, அந்தக் காட்சி நம்மை என்ன நினைக்க வைக்கிறது என்பதும் சேர்த்து. இங்கே காட்சி இரண்டு: சுளகு ஏறிய மடி, துணி போர்த்திய இலை. இரண்டுமே பிள்ளைக்கு உரிய இடங்கள். அவள் பிள்ளையை மறந்துவிட்டாள் என்று கவிதை எங்கேயும் சொல்லவில்லை. இடம் மாறியிருப்பதைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

முதல் இரண்டு வரியை இன்னொரு தடவை பார். சுளகுக்கு "இருக்கிறது" என்று ஒரு வினை கொடுத்திருக்கிறாள் அந்த சீனியர். குழந்தைக்கு அதுகூட இல்லை. "குழந்தை தரையில்" என்று அப்படியே விட்டிருக்கிறாள், அழுகிறதா தூங்குகிறதா என்று தெரியாது. பத்தியாக ஒட்டிப்போன உன் பிரதியில் இது தெரிய வழியே இல்லை.

அடுத்தது அணி. "போர்த்துகிறாள்" என்பதைப் பார்த்து உருவகம் என்று எழுதியிருப்பாய் என்று நினைக்கிறேன். அம்மாவிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். பீடி இலை நம் பக்கம் விளைவதில்லை. மத்தியப் பிரதேசம், ஒடிசா பக்கத்துக் காடுகளில் பறித்து, காயவைத்து, மூட்டையாக இங்கே வருகிறது. காய்ந்த இலையை அப்படியே வெட்டினால் நொறுங்கும். அதனால் ஊறவைத்து, ஈரம் போகாமல் துணியோ சாக்கோ போட்டு மூடி வைப்பார்கள். உன் வீட்டு மூலையில் இப்போதும் ஒன்று மூடிக் கிடக்கும், போய்ப் பார். ஆக, கவிதையில் வருவது உள்ளபடியே நடக்கிற காரியம். ஒன்றை இன்னொன்றாக ஆக்கிச் சொன்னால்தான் உருவகம். இங்கே இலையைப் பிள்ளையாக ஆக்கவில்லை. மேலே ஒரு பிள்ளை கிடப்பதால் நம் மனசு அப்படி ஆக்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

உள்ளதை உள்ளபடி சொல்வதற்கும் ஓர் அணி உண்டு. தண்டியலங்காரத்தின் பொருளணிகளில் முதலில் நிற்பதே அதுதான், தன்மையணி. முதல் செமஸ்டரிலேயே படித்திருப்பாய். புதுக்கவிதை என்றதும் உருவகமோ குறியீடோ இருந்தே ஆக வேண்டும் என்று பிள்ளைகள் தேடி அலைகிறார்கள். கண்ணெதிரே நிற்கிற தன்மையணி யார் கண்ணிலும் படுவதில்லை. "நனைந்த இலைக்கு / ஈரத்துணி போர்த்துகிறாள்" என்ற வரியை எழுதி, தொழிலில் இது ஏன் நடக்கிறது என்று ஒரு வாக்கியம் சேர்த்து, முதல் பத்தியோடு வைக்கும்போது முரண் எப்படிப் பிறக்கிறது என்று இன்னொரு வாக்கியம் எழுது. போதும்.

மூன்றாம் பத்தியில் "ஓடுகிறது" மூன்று தடவை வருகிறது. கத்தரி ஓடுவது கையோட்டம், நூல் ஓடுவது கண்டிலிருந்து பிரிவது, ஞாயிறு ஓடுவது விடுமுறை நாள் கைநழுவுவது. சொல் ஒன்று, பொருள் வேறு வேறு. இதைச் சொல் பின்வருநிலையணி என்று எழுதலாம். "ஞாயிறும்" என்பதில் ஓர் உம் ஒட்டியிருக்கிறது பார், மற்ற நாளெல்லாம் ஓடியது, இதுவும் ஓடியது என்று. ஞாயிறுக்குச் சூரியன் என்றும் பொருள் இருப்பதால் சிலேடை என்று எழுதக் கை துறுதுறுக்கும். பகல் கழிகிறது என்ற பொருள் பொருந்தத்தான் செய்கிறது. ஆனால் அதை "இப்படியும் கொள்ளலாம்" என்ற அளவில் நிறுத்து. கவிதையின் பாரம் அந்தச் சொல்லில் இல்லை.

பாரம் கடைசிப் பத்தியில் இருக்கிறது. நீ சோகம் என்று எழுதிய தொனியையும் அங்கேதான் சோதித்துப் பார்க்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதுகிற மாணவர்களில் பாதிப்பேர் தொனி என்றால் சோகம், மகிழ்ச்சி, கோபம் மூன்றில் ஒன்றை டிக் அடிப்பதாகவே நினைக்கிறார்கள். ஏழைப் பெண் வந்தால் சோகம்! இந்தக் கவிதையில் ஒரு சொட்டுக் கண்ணீர் இருக்கிறதா? "பாவம்", "ஐயோ", "கொடுமை" ஏதாவது ஒரு சொல்? கழித்த பீடிக்குக் கூலி கிடையாது என்று உனக்கும் எனக்கும் தெரியும். அதைக்கூடக் கவிதை சொல்லவில்லை. கடைக்காரர் "தருகிறார்", அவள் "வாங்கிக்கொள்கிறாள்". ஆருக்கும் ஆளுக்கும் நடுவில் நிற்கிற மரியாதை வித்தியாசத்தைப் பார்த்தாயா? கூலி இல்லாத கழிவைத் திருப்பிக் கொடுப்பவருக்கு "தருகிறார்" என்று மரியாதை கொடுத்து எழுதுகிறாளே, அங்கேதான் குத்துகிறாள். தொனிக்கு நீ எழுத வேண்டியது: குரல் உயர்த்தாத கசப்பு. ஆதாரம்: இரக்கச் சொல் ஒன்றும் இல்லாமை, தருகிறார்–வாங்கிக்கொள்கிறாள் என்ற இரண்டு வினைகள். வரியிலிருந்து காட்ட முடியாத தொனியைக் குறிப்பில் எழுதாதே.

அங்கேயே கருவும் கிடைத்துவிடுகிறது. நீ "மடியில் வாங்கிக்கொள்கிறாள்" என்று ஒரே வரியாக மேற்கோள் காட்டியிருந்தாய். மூலத்தில் "மடியில்" தனி வரி. மேற்கோளில் வரிமுறிவைச் சாய்கோடு போட்டுக் காட்ட வேண்டும், "மடியில் / வாங்கிக்கொள்கிறாள்" என்று. ஏனென்றால் அந்தச் சொல் தனியாக நிற்கும்போதுதான் முதல் வரி நினைவுக்கு வரும். தொடக்கத்தில் மடியில் சுளகு, முடிவில் மடியில் கழிவு, நடுவில் ஒரு தடவைகூட குழந்தை ஏறவில்லை. கருவை இப்படி எழுதலாம்: "பிள்ளைக்கு உரிய மடியையும் போர்வையையும் வேலை எடுத்துக்கொள்கிறது, எடுத்துக்கொண்ட வேலையே கடைசியில் அவள் உழைப்பைக் கழித்துப் போடுகிறது." உன் "உழைக்கும் பெண்ணின் மேன்மை"க்கு ஒரு வரி ஆதாரம் காட்டு பார்க்கலாம். முடியாது. அது மகளிர் தினப் பேச்சிலிருந்து வந்தது.

எழுதும் வரிசையையும் மாற்று. கருவை முதலில் எழுத உட்கார்ந்ததால்தான் பேச்சுப்போட்டி வாசகம் வந்து விழுந்தது. படிமத்தில் தொடங்கு, பிறகு அணி, பிறகு தொனி, கடைசியில் கரு. விடைத்தாளில் வேண்டுமானால் கருவை மேலே தூக்கி வைத்துக்கொள். மேற்கோள் ஒவ்வொன்றும் இரண்டு வரிக்கு மிஞ்ச வேண்டாம். பதினோரு வரிக் கவிதையில் ஆறு வரியை எடுத்து எழுதினால் குறிப்பு எங்கே, கவிதை எங்கே?

அம்மா சொல்வதெல்லாம் வேதம் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கே உவமைக்கும் உருவகத்துக்கும் வித்தியாசம் கேட்டால் அவள் முழிப்பாள், அது உன் வேலை. இலையை ஏன் மூடுகிறோம், எந்தப் பீடியைக் கழிப்பார்கள், கழித்தால் வீட்டில் அன்றைக்கு என்ன நடக்கும், இதெல்லாம் அவள் வேலை. இரண்டும் சேராமல் இந்தக் கவிதைக்குக் குறிப்பு கிடையாது. பெற்றவளைத் தாண்டித்தான் படிப்பு என்று நினைக்கிற பிள்ளைகள் மேல் எனக்குப் பொறுமை குறைவு, அதை மறைக்கப் போவதில்லை.

திருத்தி எழுதியதை மேடத்திடம் கொடுக்கும் முன்னால் நோட்டோடு கீழே இறங்கி வா. அம்மாவுக்குக் கைதான் ஓயாது, காது சும்மாதான் இருக்கிறது. கவிதையையும் உன் குறிப்பையும் உரக்க வாசி. பீடி வேலையைப் பற்றி நீ எழுதியதில் பிசகு இருந்தால் அங்கேயே சொல்லிவிடுவாள். வாசிக்கிற நேரத்தில் நீயும் ஒரு கத்தரியை எடுத்து நாலு இலை வெட்டிக் கொடு.