தரகுக்காரருக்கும் மாதச் சம்பளம்

“மன்னார்குடி பக்கம் அறுவடை மெஷின் தரகு பார்க்கிறேன். தை, மாசியில் பணம் கொட்டுகிறது. ஆடியில் கைச்செலவுக்கே திண்டாட்டம். எப்படிச் சமாளிப்பது?”

சராசரி வருமானத்தை விடுங்கள், கட்டாயச் செலவிலிருந்து தொடங்குங்கள். நானும் தரகுதான். வாடகை 5,000, மளிகையும் காஸும் 8,000, பெட்ரோல், போன் 3,000, வருடப் பள்ளிக் கட்டணம் 24,000-ஐப் பன்னிரண்டாக வகுத்தால் 2,000. ஆக 18,000. அதுதான் என் அடிப்படை மாதம்.

தரகுப் பணம் முழுக்கத் தனிக் கணக்கில் விழட்டும். ஒன்றாம் தேதி 18,000 மட்டும் வீட்டுக்கு, தையிலும் அவ்வளவுதான். (மாமனார் முறைத்தார், முறைக்கட்டும்.)

மந்தமான மாதத்தில் எனக்கு 5,000 வரும், 13,000 துண்டு விழும். பங்குனியிலிருந்து குறுவைப் பணம் வரும்வரை ஏழு மாதத்துக்கு 91,000. மாசிக் கடைசியில் அது கணக்கில் இல்லையென்றால் பங்குனியிலேயே செலவைக் குறைப்பேன். நெல் விற்றதும் தருவதாகச் சொன்ன பாக்கியை அதில் சேர்ப்பதில்லை.